கோணத்தை மூன்றாகப் பிரிக்க முடியாதது ஏன்? 60 பாகையும் அதன் முப்படிச் சமன்பாடும்: கேள்வி பதில்

திருகோணமலையில் இணைந்த கணிதம் படிக்கும் உயர்தர மாணவர்களும், பள்ளிக் கேத்திரகணிதத்தை இன்னும் கைவிடாத சில பெரியவர்களும் கேட்டவற்றுள் ஒன்றையொன்று தொடரும் கேள்விகள் இங்கே வரிசையாக உள்ளன. மும்மடங்குக் கோணச் சூத்திரமும் இருபடிச் சமன்பாடும் தெரிந்திருந்தால் இதை முழுவதும் தொடரலாம்.

சேர், எந்தக் கோணத்தையும் இரண்டாகப் பிரிக்கிறம், நாலாக, எட்டாகவும் பிரிக்கிறம். மூன்றாக மட்டும் ஏன் ஏலாது?

கவராயமும் நேர்விளிம்பும் ஒவ்வொரு படியிலும் அதிகபட்சம் ஒரு வர்க்கமூலத்தைத்தான் புதிதாகத் தர வல்லவை. இருகூறிடலுக்கு ஒரு வர்க்கமூலம் போதும். மூன்றில் ஒரு பங்கோ முப்படிச் சமன்பாடு ஒன்றின் மூலமாக வருகிறது. அந்தச் சமன்பாடு காரணிப்படாதபோது, வர்க்கமூலங்களை எத்தனை முறை அடுக்கினாலும் அதன் மூலத்தைத் தொட முடியாது.

கூற்று எதைச் சொல்கிறது என்பதில் கவனம் வேண்டும். எந்தக் கோணத்தையும் மூன்றாகப் பிரிக்க முடியாது என்பது கூற்றன்று. 90 பாகையைப் பிரிப்பதை ஒன்பதாம் ஆண்டு மாணவரும் செய்வார். கொடுக்கப்படும் எக்கோணத்துக்கும் பொருந்துகின்ற, முடிவுள்ள படிகளைக் கொண்ட ஒரு பொதுமுறை இல்லை என்பதே கூற்று. பொதுமுறை இல்லை என்று காட்ட, அது தோற்றே ஆகவேண்டிய கோணம் ஒன்று போதும். நான் 60 பாகையை எடுத்துக்கொள்கிறேன். அதைச் சமபக்க முக்கோணி ஒன்றினால் உடனே வரைந்துவிடலாம் என்பதால், கோணம் கொடுக்கப்பட்டிருப்பதனால் நமக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. ஓரலகு இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளிலிருந்தே எல்லாவற்றையும் தொடங்கலாம்.

நேர்விளிம்பு என்பது அளவுகள் குறிக்கப்படாத விளிம்பு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அதன் வேலை இரண்டு புள்ளிகளை இணைப்பது மட்டுமே.

முப்படிச் சமன்பாடு எங்கிருந்து வருகிறது? கோணத்தை வரையத்தானே கேட்டார்கள்?

20 பாகைக் கோணம் ஒன்றை வரைந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சியை மையமாகக் கொண்டு ஓரலகு ஆரையுள்ள வட்டத்தை வரைந்து, ஒரு புயம் வட்டத்தை வெட்டும் புள்ளியிலிருந்து மற்றப் புயத்துக்குச் செங்குத்து இறக்கினால், உச்சியிலிருந்து செங்குத்தின் அடிவரை உள்ள நீளம் cos 20° ஆகும். ஆகவே கோணத்தை வரைய முடிந்தால் அந்த நீளத்தையும் வரைய முடியும். நீளத்தை வரைய முடிந்தால் இதே படிகளைத் திருப்பிக் கோணத்தையும் வரையலாம். கோணத்தைப் பற்றிய கேள்வி ஒரே ஓர் எண்ணைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது.

அந்த எண்ணை மும்மடங்குக் கோணச் சூத்திரம் கட்டிப்போடுகிறது:

cos 3θ = 4cos³θ − 3cos θ

θ = 20° எனவும் x = cos 20° எனவும் இட்டால், cos 60° = 1/2 ஆதலால் 4x³ − 3x = 1/2, அதாவது 8x³ − 6x − 1 = 0 கிடைக்கிறது. y = 2x என்று மாற்றினால் சமன்பாடு இன்னும் எளிதாகிறது:

y³ − 3y − 1 = 0

இனி வரும் பதில்களில் நாம் கையாளப்போவது இதைத்தான்.

கல்குலேட்டரில் y = 1.8794 என்று விடை வருகுதே, சேர். விடை இருக்கிற எண்ணை ஏன் வரைய ஏலாது?

விடை இருக்கிறது, 1.8794 தொடக்கம் முடிவின்றிச் செல்லும் தசமம் அது. ஆனால் ஓர் எண் இருப்பதும், குறிப்பிட்ட கருவிகளால் அதை அடைய முடிவதும் ஒன்றல்ல. ஆகவே கருவிகள் எதைத் தரும் என்பதை முதலில் அளவிட வேண்டும்.

கவராயத்தாலும் நேர்விளிம்பாலும் புதிய புள்ளி பிறப்பது மூன்று வகையில் மட்டுமே. இரண்டு கோடுகள் வெட்டும்போது நாம் தீர்ப்பது ஒருபடிச் சமன்பாடுகள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலுக்கு மேல் எதுவும் தேவையில்லை. ஒரு கோடும் ஒரு வட்டமும் வெட்டும்போது இருபடிச் சமன்பாடு வருகிறது. அதன் தீர்வில் ஒரு வர்க்கமூலம் தோன்றும். இரண்டு வட்டங்கள் வெட்டும்போது இரண்டு வட்டச் சமன்பாடுகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வர்க்க உறுப்புகள் அழிந்து ஒரு நேர்கோட்டின் சமன்பாடு மிஞ்சும். ஆகவே இதுவும் கோடும் வட்டமும் வெட்டும் நிலையே. நாலாவது வகை இல்லை.

இடையில் "ஏதேனும் ஓர் ஆரையை எடு" என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்வதுண்டு. அந்த ஆரை எதுவானாலும் செய்கை பலிக்க வேண்டும் என்பதால், அதை நாம் விகிதமுறு எண்ணாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரத்திலும் புதிய எண் எதுவும் நுழைவதில்லை.

வரையக்கூடிய எண்களை அப்படியானால் மாடி வீடு போலக் கற்பனை செய்யலாம். நிலத்தளத்தில் விகிதமுறு எண்கள் எல்லாம் இருக்கின்றன. அவற்றுள் வர்க்கமூலம் நிலத்தளத்தில் கிடைக்காத c என்ற நேர் எண்ணைத் தெரிந்து, a + b√c என்ற வடிவில் உள்ள எண்களையெல்லாம் சேர்த்தால் முதலாம் தளம் கிடைக்கிறது. இங்கே a, b இரண்டும் நிலத்தளத்து எண்கள். இந்த வடிவிலுள்ள இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் வகுத்தாலும் விடை அதே வடிவில் அமையும். வகுக்கும்போது பகுதியை a − b√c கொண்டு பெருக்கி வர்க்கமூலத்தை நீக்குவதை நீங்கள் அறிவீர்கள். முதலாம் தளத்து எண் ஒன்றின் வர்க்கமூலத்தைச் சேர்த்து இரண்டாம் தளத்தை எழுப்பலாம். இப்படியே மேலே போகலாம். எவ்வளவு சிக்கலான வரைதலானாலும் அதன் ஒவ்வொரு புள்ளியின் ஆள்கூறுகளும், முடிவுள்ள எண்ணிக்கையான தளங்களைக் கொண்ட இத்தகைய ஒரு கட்டடத்துக்குள் அடங்கிவிடும்.

வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று நூறு தளம் ஏறினாலும் 1.8794… கிடைக்காது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

இதுதான் முழு விடயத்தின் நடுப்புள்ளி. இரண்டு படிகளில் காட்டலாம். இரண்டிலும் உயர்தரத்துக்கு மேற்பட்ட எதுவும் இல்லை.

முதலாவது படி, நிலத்தளத்தில் மூலம் இல்லை என்பது. y = p/q ஒரு மூலம் என்றும், p, q ஆகிய நிறைவெண்களுக்குப் பொதுக்காரணி இல்லை என்றும் கொள்வோம். சமன்பாட்டில் இட்டு q³ ஆல் பெருக்கினால் p³ − 3pq² − q³ = 0. இதை p³ = q²(3p + q) என்று எழுதினால் q என்பது p³ ஐ வகுக்கிறது; பொதுக்காரணி இல்லாததால் q = ±1. அதையே p(p² − 3q²) = q³ என்று எழுதினால் p என்பது q³ ஐ வகுக்கிறது; ஆகவே p = ±1. எனவே y ஆக இருக்கக்கூடியவை 1, −1 என்ற இரண்டு மட்டுமே. இட்டுப் பாருங்கள்: முதலாவது −3 ஐத் தருகிறது, இரண்டாவது 1 ஐத் தருகிறது. இரண்டும் பூச்சியமல்ல.

இரண்டாவது படி, மேல்தளங்களிலும் இல்லை என்பது. சமன்பாட்டின் மூன்று மூலங்களில் ஏதாவது ஒன்று கட்டடத்தில் எங்கோ கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். மூலம் ஒன்று முதன்முதலாகத் தென்படும் தளத்தைக் கவனிப்போம். அது நிலத்தளமன்று என்பதை மேலே கண்டோம். ஆகவே அதற்குக் கீழே ஒரு தளம் உண்டு; அந்தக் கீழ்த்தளத்தில் மூன்று மூலங்களில் ஒன்றுகூட இல்லை. கண்டெடுத்த மூலத்தை a + b√c என்று எழுதுவோம். இங்கே a, b, c கீழ்த்தளத்தவை, √c கீழ்த்தளத்தில் இல்லாதது, b பூச்சியமல்லாதது. b பூச்சியமாயின் மூலம் கீழ்த்தளத்திலேயே இருந்திருக்கும்.

அதைச் சமன்பாட்டில் இட்டு விரித்து, √c உள்ளவற்றைத் தனியே சேர்த்தால் P + Q√c = 0 என வருகிறது. இதில்

P = a³ + 3ab²c − 3a − 1
Q = 3a²b + b³c − 3b

இரண்டுமே கீழ்த்தளத்து எண்கள். Q பூச்சியமல்ல என்றால் √c = −P/Q என்று எழுதலாம்; அப்போது √c கீழ்த்தளத்தில் இருந்துவிடும், அது நாம் கொண்டதற்கு முரண். எனவே Q = 0, அதனால் P = 0. இப்போது a − b√c ஐ இட்டால் கிடைப்பது P − Q√c; அதுவும் பூச்சியமே. ஆகவே a − b√c உம் ஒரு மூலம்; b பூச்சியமல்லாததால் அது முதலாவதிலிருந்து வேறானது.

இனி முடிவு தானாக வருகிறது. y³ − 3y − 1 இல் y² உறுப்பு இல்லை. ஆகவே மூன்று மூலங்களின் கூட்டுத்தொகை பூச்சியம். இரண்டு மூலங்களின் கூட்டுத்தொகை 2a. எனவே மூன்றாவது மூலம் −2a. ஆனால் a கீழ்த்தளத்து எண். −2a உம் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. கீழ்த்தளத்தில் மூலம் எதுவும் இல்லை என்று தொடங்கினோமே! முரண்பாடு. ஆகவே எந்தக் கட்டடத்தின் எந்தத் தளத்திலும் இந்தச் சமன்பாட்டின் மூலம் இல்லை. cos 20° ஐ வரைய முடியாது. 60 பாகையை மூன்றாகப் பிரிக்கவும் முடியாது.

தளங்களின் எண்ணிக்கை நூறா ஆயிரமா என்பது நிறுவலில் எங்குமே தலைகாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். மாணவர்கள் பலர் இந்த இடத்தில், "இன்னும் கெட்டித்தனமான வரைதல் இருந்தால்?" என்று கேட்பார்கள். கெட்டித்தனம் தளங்களைத்தான் கூட்டும்.

மூன்று மூலங்கள் என்கிறீர்கள். நமக்கு வேண்டியது cos 20° ஒன்றுதானே? மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன?

cos 60° = 1/2 என்று மட்டும் சொன்னால், அந்தக் கோணம் 60 பாகையா, ஒரு முழுச் சுற்றுக்கூடிய 420 பாகையா, இரண்டு சுற்றுக்கூடிய 780 பாகையா என்று சமன்பாட்டுக்குத் தெரியாது. அவற்றின் மூன்றிலொன்றுகள் 20, 140, 260 பாகைகள். ஆகவே மூலங்கள் 2cos 20° = 1.8794, 2cos 140° = −1.5321, 2cos 260° = −0.3473. கூட்டிப் பாருங்கள், பூச்சியம் வரும்.

வட்டத்தில் இந்த மூன்று திசைகளும் 120 பாகை இடைவெளியில் நிற்கின்றன. எந்த மூன்றிலொன்று வேண்டும் என்று படத்தைப் பார்த்து நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் விகிதமுறு எண்களில் நிற்கும் ஒருவருக்கு மூன்றையும் வேறுபடுத்தும் வழி இல்லை. வர்க்கமூலம் எப்போதும் + என்றும் − என்றும் இரண்டு இரண்டாகவே பிரிக்கிறது. மேலே உள்ள நிறுவலில் a + b√c தன் சோடியையும் இழுத்துக்கொண்டு வந்ததும், மூன்றாவது தனித்துப்போய்க் கீழே விழுந்ததும் இதனால்தான். இருகூறிடலில் இந்தத் தொல்லை இல்லை: 60 இன் பாதியாக 30, 210 என்ற இரண்டே போட்டியாளர்கள், அவர்களைப் பிரிக்க ஒரு வர்க்கமூலம் போதும்.

அப்படியென்றால் 90° மட்டும் எப்படிப் பிரிகிறது? எந்தக் கோணம் பிரியும் என்று முன்கூட்டியே பார்க்கலாமா?

பார்க்கலாம். கோணம் A ஆயின் சமன்பாடு y³ − 3y − 2cos A = 0. cos A ஐக் கொண்டு நாற்செய்கைகளால் பெறக்கூடிய எண்களைத் தொடக்கத் தளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்திலேயே ஒரு மூலம் கிடைத்தால் மீதி இருபடிச் சமன்பாடாகச் சுருங்கிவிடும், கோணம் பிரியும். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன நிறுவல் அப்படியே பொருந்தும், பிரியாது.

90 பாகைக்கு cos A = 0; சமன்பாடு y(y² − 3) = 0. பூச்சியம் மூலமாக உடனே விழுகிறது, மிஞ்சுவது √3. 45 பாகைக்கு y³ − 3y − √2 = 0; இதில் y = −√2 ஐ இட்டால் −2√2 + 3√2 − √2 = 0. ஆகவே 45 உம் பிரியும். 27 பாகையும் பிரியும், ஏனெனில் ஐங்கோணத்திலிருந்து 36 உம், அதை இரு முறை இருகூறிட்டு 9 உம் கிடைக்கும். 180 பாகையின் ஏழில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ 77.14 பாகை, இன்னும் விநோதமானது: இந்தக் கோணத்தை நம்மால் வரையவே முடியாது, ஆனால் யாராவது வரைந்து கொடுத்துவிட்டால் மூன்றாகப் பிரிக்கலாம். அதை இரட்டித்து நேர்கோட்டுக் கோணத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது 180 இன் ஏழிலொன்று. அது கேட்ட மூன்றிலொன்றே.

தம்பி, நான் நிலாவெளியில் தச்சுவேலை செய்யிறன். வில்லின் நாணை மூன்று சமதுண்டமாக்கி உச்சியோட இணைச்சால் கோணம் மூன்றாகப் பிரியுது. பாகைமானி வைச்சும் பார்த்தன், சரியாத்தான் இருக்கு.

நீங்கள் பார்த்த கோணம் சிறியதாக இருந்திருக்கும், ஐயா. கோட்டுத்துண்டம் ஒன்றை மூன்று சமதுண்டமாக்குவது கவராயத்தால் முறையாகச் செய்யக்கூடியதே. அதில் குறை இல்லை. குறை, நாணின் சமதுண்டங்கள் உச்சியில் சமகோணங்களைத் தாங்கும் என்று கொண்டதில் இருக்கிறது. நடுத்துண்டம் உச்சிக்குக் கிட்ட இருப்பதால் அதன் கோணம் எப்போதும் பெரிது.

60 பாகையை எடுத்து ஆரை 10 சென்ரிமீற்றராக வரைந்து பாருங்கள். நாணும் 10 சென்ரிமீற்றரே. உச்சியிலிருந்து நாணுக்குள்ள தூரம் 8.66. நடுத்துண்டத்தின் பாதி 1.667. அரைக்கோணத்தின் தான்சன் 1.667/8.66 = 0.1925, ஆகவே அரைக்கோணம் 10.89 பாகை. நடுக்கோணம் 21.8 பாகையாகவும், இரு பக்கக் கோணங்களும் 19.1 பாகையாகவும் வருகின்றன. வில்லின்மீது ஒவ்வொரு கோடும் தன் இடத்திலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் விலகியிருக்கும். கூரான பென்சில் பிடித்தவருக்கு இது கண்ணுக்குத் தெரியும். 15 பாகைக்கு இதே கணக்கைச் செய்தால் 4.99, 5.03, 4.99 என்று வரும். ஒவ்வொரு பாகையாகக் கோடிட்ட பாகைமானி இதை ஒருபோதும் காட்டிக்கொடுக்காது. 120 பாகைக்குச் செய்தாலோ 30, 60, 30 என்று மானம் போய்விடும்.

எனவே எவர் புதிய முறை கொண்டுவந்தாலும் முதல் வேலையாக அதை 120 பாகைக்கும் அதற்கு மேலுக்கும் செய்யச் சொல்லுங்கள். நல்ல அண்ணளவு முறைகள் அதையும் தாண்டிவிடலாம். அப்போது பாகைமானியை வைத்துவிட்டு, கோணத்தின் பெறுமானத்தைத் திரிகோணகணிதத்தால் ஆறு தசமதானத்துக்குக் கணித்துப் பார்க்க வேண்டும்.

1/4 + 1/16 + 1/64 + … = 1/3 தானே, சேர்? இருகூறிட்டுக்கொண்டே போனால் மூன்றிலொன்று வந்துவிடுமே?

60 பாகையில் தொடங்கினால் 15, 18.75, 19.6875, 19.921875 என்று 20 ஐ நெருங்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் இரண்டு இருகூறிடல்கள் வேண்டும், ஒவ்வொரு முறையும் வழு நாலிலொன்றாகக் குறையும். எட்டு இருகூறிடல்களின் பின் 10 சென்ரிமீற்றர் ஆரையில் வழு ஏறத்தாழ 0.14 மில்லிமீற்றர், பென்சில் கோடே அதைவிட அகலமானது. தாளில் வரைபவருக்கு இது போதும்.

ஆனால் எந்தப் படியில் நிறுத்தினாலும் கையில் இருப்பது 20 பாகையன்று. முடிவுள்ள படிகள் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் கேள்வியே வேறாகிவிடுகிறது.

ஆக்கிமிடீஸ் மூன்றாகப் பிரித்தார் என்று வாசித்தேன். அது பிழையா?

பிழையன்று, முழுக்கச் சரியான முறை அது. அதில் நேர்விளிம்பின்மீது இரண்டு அடையாளங்கள் இடப்படுகின்றன; அந்த இடத்தில்தான் விதி மாறுகிறது.

O ஐ மையமாகவும் r ஐ ஆரையாகவும் கொண்ட வட்டத்தில் AOB கொடுத்த கோணம். A, B இரண்டும் வட்டத்தில் உள்ளன. AO ஐ O க்கு அப்பால் நீட்டுங்கள். நேர்விளிம்பில் r இடைவெளியில் இரண்டு அடையாளம் இட்டு, விளிம்பு B இனூடாகச் செல்லும்படி பிடித்து, ஓர் அடையாளம் நீட்டிய கோட்டில் D என்ற புள்ளியிலும் மற்றது வட்டத்தில் D க்கும் B க்கும் இடையே C என்ற புள்ளியிலும் விழும்வரை நகர்த்துங்கள். D இல் உள்ள கோணம் AOB இன் மூன்றிலொன்று.

காரணம் எளிது. CD = CO ஆதலால் D இலும் O இலும் உள்ள கோணங்கள் சமம்; அதை α என்போம். முக்கோணி COD இன் புறக்கோணம் OCB = 2α. OC = OB ஆதலால் OBC உம் 2α. முக்கோணி DOB இன் புறக்கோணம் AOB = α + 2α = 3α.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் OD இன் நீளம். COD இருசமபக்க முக்கோணி ஆதலால் OD = 2r cos α. ஆரையை ஓரலகாகவும் AOB ஐ 60 பாகையாகவும் கொண்டால் OD என்பது 2cos 20°, அதாவது நமது y³ − 3y − 1 = 0 இன் மூலமே. ஆரை 10 சென்ரிமீற்றராக வரைந்து OD ஐ அளந்தால் 18.8 சென்ரிமீற்றர் வரவேண்டும். விளிம்பை "விழும்வரை நகர்த்துதல்" என்ற அந்த ஒரே அசைவுதான் முப்படிச் சமன்பாட்டைத் தீர்த்துவிட்டது. கோடும் வட்டமும் வெட்டுவதால் அதைச் செய்ய முடியாது. தாளை மடித்து இரண்டு புள்ளிகளை ஒரே நேரத்தில் இரண்டு கோடுகளின்மீது விழச்செய்யும் மடிப்பும் இதே வல்லமை உடையது.

இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்பதா, அல்லது முடியவே முடியாது என்பதா?

முடியவே முடியாது. நிறுவலை 1837 இல் பிரான்ஸ் நாட்டவரான பியர் வான்ட்செல் வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபத்துமூன்று வயது. மேலே தந்தது அதே உண்மையைக் குறுக்கிச் சொல்லும் வழி. பாரிஸ் விஞ்ஞானக் கழகம் கோணத்தை முக்கூறிடும் "தீர்வுகளை" இனிப் பரிசீலிப்பதில்லை என்று 1775 இலேயே தீர்மானித்துவிட்டது. நிறுவல் வர அறுபத்திரண்டு ஆண்டுகள் இருக்கையில் எடுத்த அந்த முடிவு கணிதத்தால் வந்ததன்று, வந்து குவிந்த கடிதங்களால் வந்தது என்பது என் எண்ணம்.

உவர்மலையில் எங்கட கோயில் முற்றத்தில் ஒன்பது இதழ்த் தாமரைக் கோலம் போட வேணும். கயிறும் ஆணியும் வைச்சு ஆறிதழ், பன்னிரண்டு இதழ் வருது. ஒன்பது மட்டும் வருகுதில்லை. என்ன செய்யலாம்?

ஒன்பது இதழுக்கு மையத்தில் 40 பாகை வேண்டும். 40 ஐ வரைய முடிந்தால் இருகூறிட்டு 20 ஐப் பெறலாம். 20 ஐ வரைய முடியாது என்று கண்டோம். ஆகவே கயிறும் ஆணியும் மட்டும் கொண்டு இதைத் துல்லியமாகப் போட முடியாது, உங்கள் கையில் குறை இல்லை. அளவுநாடாவை எடுத்தால் காரியம் முடிந்துவிடும்.

அடுத்தடுத்த இதழ் நுனிகளுக்கு இடைப்பட்ட நாணின் நீளம் ஆரையின் 2sin 20° மடங்கு, அதாவது 0.684 மடங்கு. ஆரை 50 சென்ரிமீற்றராயின் 34.2 சென்ரிமீற்றர். இந்த நீளத்தை ஒன்பது முறை சுற்றி வைத்தால், எண்ணைச் சுருக்கியதால் வரும் வழு முழுச் சுற்றுக்கும் 0.2 மில்லிமீற்றர் அளவே. உண்மையில் கெடுப்பது கயிறு: அதன் நீளம் ஒரு மில்லிமீற்றர் தவறினாலே கடைசி இதழில் ஒரு சென்ரிமீற்றரளவு இடைவெளி தெரியும்.

ஆதலால் ஒரே பக்கமாகச் சுற்றி வராதீர்கள். முதலில் 50 சென்ரிமீற்றர் ஆரையையே வட்டத்தில் ஆறு முறை வைத்து, ஒன்றுவிட்ட மூன்று புள்ளிகளைக் குறியுங்கள். இவை மூன்றும் துல்லியமாக 120 பாகை இடைவெளியில் நிற்கும். பிறகு அந்த மூன்று வில்களிலும், இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி 34.2 சென்ரிமீற்றரில் ஒவ்வொரு புள்ளி குறியுங்கள். இப்போது கயிறு ஒரு மில்லிமீற்றர் தவறினாலும் எந்த நுனியும் தன் இடத்திலிருந்து ஏறத்தாழ அதே ஒரு மில்லிமீற்றருக்கு மேல் விலகாது; கோலமாவின் கோட்டுக்குள் அது மறைந்துவிடும்.